ஒரு குடும்பத்தின் இரத்தப் பிரிவும் நான்கு சொற்களும்

கேள்வி: நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். மரபணு, அல்லீல், லோகஸ், ஜீனோடைப் ஆகிய நான்கும் எனக்கு ஒரே பொருளைச் சொல்வது போலவே தெரிகின்றன. என் அம்மாவின் இரத்தப் பிரிவு ஏபி, அப்பாவுடையது ஓ, என்னுடையது பி. ஆனால் தம்பியின் அட்டையில் ஓ என்று எழுதியிருக்கிறார்கள். அப்படி இருக்க முடியுமா, டாக்டர்?

பதில்: அந்த அட்டையில் உள்ள பிரிவு பெரும்பாலும் தவறாக இருக்கும், தம்பிக்கு மறுபரிசோதனை செய்யுங்கள். பார்க்காமலேயே இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் குழப்பிக்கொண்ட அந்த நான்கு சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் குடும்பத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் மரபணு. ஒரு குறிப்பிட்ட புரதத்தை உருவாக்கத் தேவையான செய்தியைத் தாங்கியிருக்கும் டி.என்.ஏ. பகுதியை மரபணு என்று இங்கே வைத்துக்கொள்ளலாம். இரத்தப் பிரிவுக்குரிய மரபணு தரும் புரதம் ஒரு நொதி. நம் இரத்தச் சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எச் எனப்படும் ஒரு சர்க்கரைச் சங்கிலி ஏற்கெனவே இருக்கிறது; அதன் நுனியில் மேலும் ஒரு சர்க்கரையை ஒட்டவைப்பதுதான் இந்த நொதியின் வேலை. ஆகவே இந்த மரபணு நேரடியாக இரத்தப் பிரிவை உண்டாக்குவதில்லை, ஒட்டவைக்கும் கருவியை மட்டும் தருகிறது என்பதை மனத்தில் கொள்ளுங்கள். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

ஒரே மரபணு எல்லா மனிதரிடமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பதில்லை. அதன் மாற்று வடிவங்களே அல்லீல்கள். ஏ அல்லீல் தரும் நொதி, எச் சங்கிலியின் நுனியில் அசிட்டைல் கேலக்டோசமைன் என்ற சர்க்கரையைச் சேர்க்கிறது. பி அல்லீல் தரும் நொதியோ கேலக்டோஸைச் சேர்க்கிறது. இந்த நொதி 354 அமினோ அமிலங்களால் ஆனது. வழக்கமான ஏ நொதிக்கும் பி நொதிக்கும் இடையில் அவற்றுள் நான்கு மட்டுமே வேறுபடுகின்றன. அந்த நான்கு மாறியதால் நொதி எடுக்கும் சர்க்கரையே மாறிவிடுகிறது.

ஓ அல்லீலைப் பற்றி மாணவர்கள் பலர் தவறாக எண்ணிக்கொள்கிறார்கள். ஓ என்றால் மரபணுவே இல்லை என்று பொருளன்று. மரபணு இருக்கிறது, மிகப் பரவலாகக் காணப்படும் ஓ அல்லீலில், ஏ அல்லீலோடு ஒப்பிட்டால், 261ஆவது இடத்தில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருக்கிறது. மரபணுச் செய்தி மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுவதால், ஓர் எழுத்து போனதும் அதற்குப் பின்னால் வரும் எல்லா மூன்றெழுத்துத் தொகுதிகளும் இடம் பெயர்ந்து பொருள் கெட்டுப்போகின்றன. நொதியும் முழுமையடையாமல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. வேலை செய்யும் நொதி இல்லாததால் எச் சங்கிலி எதுவும் ஒட்டப்படாமல் அப்படியே நிற்கிறது. அதைத்தான் ஓ பிரிவு என்கிறோம்.

அடுத்தது லோகஸ். குரோமோசோமில் ஒரு மரபணு அமைந்திருக்கும் நிலையான இடத்தின் பெயர் அது. நாம் பார்க்கும் மரபணுவின் லோகஸ், 9ஆவது குரோமோசோமின் நீண்ட கையில், ஏறக்குறைய அதன் முனையருகே உள்ளது. பேருந்தில் இருக்கை எண் போல என்று நினைத்துக்கொள்ளுங்கள்: எண் மாறுவதில்லை, உட்காருபவர் மாறலாம், ஆனால் ஓர் இருக்கையில் ஒருவர்தான் உட்கார முடியும். ஒரு 9ஆவது குரோமோசோமில் அந்த இடத்தில் ஏ இருந்தால் அதே குரோமோசோமில் பி இருக்க இடமில்லை. மக்கள்தொகை முழுவதிலும் எத்தனை அல்லீல்கள் இருந்தாலும், 9ஆவது குரோமோசோம் ஒவ்வொருவரிடமும் ஓர் இணையாக இருப்பதால், ஒருவரிடம் அந்த லோகஸில் இரண்டு அல்லீல்களுக்கு மேல் இருக்க வழியில்லை.

மரபணுவும் லோகஸும் ஒன்றுதானே என்ற ஐயம் உங்களுக்கு இன்னும் இருந்தால், அட்டையில் பிரிவுக்குப் பக்கத்தில் எழுதப்படும் பாசிட்டிவ், நெகட்டிவ் என்பதைப் பாருங்கள். அது ஆர்எச் காரணியைக் குறிக்கிறது. அதன் லோகஸ் 1ஆவது குரோமோசோமில் இருக்கிறது. ஆர்எச் நெகட்டிவ் ஆனவர்கள் பலரிடம் அந்த மரபணு முழுவதுமாகவே நீங்கிப்போயிருக்கிறது. அதாவது லோகஸ் இருக்கிறது, அங்கே இருக்க வேண்டிய மரபணு இல்லை. இடமும் அந்த இடத்தில் இருக்கும் பொருளும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஜீனோடைப் என்பது குறிப்பிட்ட ஒருவர் ஒரு லோகஸில் கொண்டிருக்கும் அல்லீல்களின் இணை. மூன்று அல்லீல்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஏ-ஏ, ஏ-ஓ, பி-பி, பி-ஓ, ஏ-பி, ஓ-ஓ என ஆறு ஜீனோடைப்புகள் கிடைக்கின்றன. ஆனால் பரிசோதனையில் தெரியும் பிரிவுகள் நான்குதான். ஏ-ஏ உள்ளவரும் ஏ-ஓ உள்ளவரும் ஏ பிரிவாகவே தெரிவார்கள், ஏனெனில் ஓ அல்லீல் எதையும் ஒட்டாமல் சும்மா இருக்கிறது. ஆகவே அட்டையில் உள்ள பி என்பது உங்கள் ஜீனோடைப் அன்று. அது பி-பி ஆகவும் இருக்கலாம், பி-ஓ ஆகவும் இருக்கலாம். உங்கள் அப்பா ஓ பிரிவினர் என்பதால் அவருடைய ஜீனோடைப் ஓ-ஓ. அவரிடமிருந்து உங்களுக்கு வந்தது ஓ அல்லீலாகவே இருக்க வேண்டும். பி உங்கள் அம்மாவிடமிருந்து வந்தது. எனவே நீங்கள் பி-ஓ. இரத்தத்தைப் பார்த்து அறிய முடியாத ஒன்றைக் குடும்பத்தைப் பார்த்து அறிந்துகொண்டோம்.

இப்போது தம்பிக்கு வருவோம். அம்மாவின் ஒரு 9ஆவது குரோமோசோமில் ஏ, மற்றொன்றில் பி. கருமுட்டைக்கு இந்த இரண்டு குரோமோசோம்களில் ஒன்றுதான் போகும். அப்படியானால் ஒவ்வொரு குழந்தைக்கும் அம்மாவிடமிருந்து ஏ அல்லது பி கட்டாயம் கிடைக்கும்; இரண்டும் சேர்ந்து கிடைக்காது, இரண்டுமே கிடைக்காமலும் போகாது. அப்பாவிடமிருந்து எப்போதும் ஓ. ஆகவே பிள்ளைகள் ஏ-ஓ அல்லது பி-ஓ மட்டுமே.

இந்த முடிவு லோகஸ் ஒன்றுதான் என்பதையே முழுக்க நம்பியிருக்கிறது. 1910இல் ஃபான் டுங்கெர்னும் ஹிர்ஷ்ஃபெல்டும் இரத்தப் பிரிவு பரம்பரையாக வருகிறது என்று காட்டியபோது, ஏ-க்கு ஒரு லோகஸ், பி-க்குத் தனியே இன்னொரு லோகஸ் என்று கருதினார்கள். அது உண்மையாக இருந்திருந்தால், ஏபி தாய்க்கும் ஓ தந்தைக்கும் ஓ குழந்தையும் ஏபி குழந்தையும் பிறக்கலாம். உங்கள் தம்பியின் அட்டையில் வியப்புக்கு எதுவும் இருந்திருக்காது. 1924இல் பெர்ன்ஸ்டைன் என்ற கணிதவியலாளர் மக்களிடையே பிரிவுகளின் விகிதங்களைக் கணக்கிட்டுப் பார்த்தார். இரண்டு லோகஸ்கள் தனித்தனியே இயங்கினால் எத்தனை ஏபி பிரிவினர் இருக்க வேண்டுமோ, அதைவிடக் குறைவானவர்களே எங்கும் இருந்தார்கள். ஒரே லோகஸ், மூன்று அல்லீல்கள் என்று கொண்டால் கணக்குப் பொருந்தியது.

எனவே ஐயம் முதலில் பரிசோதனையின் மேல்தான் விழ வேண்டும். மாதிரியோ பெயரோ மாறிப்போயிருக்கலாம், எழுதும்போது தவறியிருக்கலாம். முகாம்களில் கண்ணாடித் தகட்டில் விரைவாகச் செய்யும் பரிசோதனையில், ஏ எதிர்ப்பொருளும் பி எதிர்ப்பொருளும் சேர்க்கப்பட்டு, சிவப்பணுக்கள் திரள்கின்றனவா என்று மட்டும் பார்க்கிறார்கள். சிலருடைய ஏ அல்லீல் வலுக்குறைந்த வகையாக இருக்கும். திரளுதல் மெலிதாக இருப்பதால் அதை ஓ என்று படித்துவிட நேரும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகத்தில் தலைகீழ்ப் பரிசோதனையும் செய்வார்கள்: தம்பியின் பிளாஸ்மாவை, பிரிவு தெரிந்த ஏ, பி சிவப்பணுக்களோடு கலந்து பார்ப்பது. உண்மையான ஓ பிரிவினரின் பிளாஸ்மா இரண்டையும் திரளச் செய்யும். ஒன்றை மட்டுமே திரளச் செய்தால் ஓ என்று எழுதியது தவறு.

இரண்டு முறையிலும் ஓ என்றே வந்தால் அரிய காரணங்களைத் தேட வேண்டும். அபூர்வமாக, ஒரே அல்லீல் ஏ, பி இரண்டு வேலைகளையும் செய்யும் நொதியைத் தருவதுண்டு. அத்தகைய தாயின் மற்றொரு குரோமோசோமில் ஓ இருந்தால் ஓ குழந்தை பிறக்கலாம். ஆனால் அப்போது அவருடைய மற்றக் குழந்தைகள் ஏபி ஆகவோ ஓ ஆகவோ இருப்பார்களே தவிர, தனி பி ஆக இருக்கமாட்டார்கள். நீங்கள் பி என்பதே இந்த விளக்கத்தைப் பெரும்பாலும் விலக்கிவிடுகிறது.

மற்றொன்று, 1952இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட பம்பாய் இரத்தப் பிரிவு. நொதி ஒட்டவைப்பதற்கு எச் சங்கிலி வேண்டும் என்று முன்பே சொன்னேன். அந்த எச் சங்கிலியை உருவாக்கும் மரபணுவின் லோகஸ் 19ஆவது குரோமோசோமில், முற்றிலும் வேறோர் இடத்தில் இருக்கிறது. அங்கே இரண்டு அல்லீல்களும் செயலற்றவையாக இருந்தால், 9ஆவது குரோமோசோமில் ஏ-ஓ என்ற ஜீனோடைப் குறையின்றி இருந்தும், ஒட்டுவதற்குச் சங்கிலி இல்லாததால் பரிசோதனை ஓ என்றே காட்டும். இது மிக அரிது. ஆனால் இத்தகையவருக்குச் சாதாரண ஓ இரத்தம் ஏற்றினால் கடுமையான எதிர்வினை உண்டாகும் என்பதால் இதைக் கண்டறியாமல் விடக்கூடாது.

வீட்டில் யாரும் இந்த அட்டையை வைத்துக்கொண்டு உறவுமுறை பற்றிய முடிவு எதற்கும் வர வேண்டாம். ஒற்றைப் பரிசோதனை அட்டைக்கு அந்தத் தகுதி கிடையாது. இரத்த வங்கி உள்ள ஒரு மருத்துவமனையில் தம்பிக்குப் புதிதாக மாதிரி எடுத்து, நேர், தலைகீழ் ஆகிய இரண்டு முறைகளிலும் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, தவறு அவருடைய பழைய அட்டையிலும் இருக்கலாம். தம்பிக்கு மீண்டும் ஓ வந்தால், எச் எதிர்ப்பொருள் கொண்டும் சோதிக்கும்படி கேளுங்கள். ஏ என்றோ பி என்றோ வந்தால், அவருடைய ஜீனோடைப்பை ஆய்வகத்தைக் கேட்காமல் நீங்களே எழுதிவிடலாம்.