கேஷ் அவுட் பொத்தான் எதை மாற்றும், எதை மாற்றாது

கேள்வி: "கிராஷ் கேம்ல எப்போ கேஷ் அவுட் பண்ணணும்னு நான்தானே முடிவு பண்றேன்? பேராசைப்படாம 1.25லேயே வெளியே வந்துட்டா நஷ்டம் வராதுதானே?"

வரும். எந்தப் புள்ளியில் வெளியேறினாலும், கட்டும் தொகை ஒன்றாக இருந்தால் நாளடைவில் போகும் பணமும் ஒன்றுதான்.

கிராஷ் கேமில் பணம் கட்டியதும் திரையில் மல்டிபிளையர் என்ற பெருக்கல் எண் 1.00-இலிருந்து ஏறும்; அது உடையும் முன் கேஷ் அவுட் பொத்தானை அழுத்தினால் கட்டியது அத்தனை மடங்காகத் திரும்பும், இல்லையென்றால் கட்டியது போய்விடும். வழக்கமான அமைப்பில் இந்த எண் எங்கே உடையும் என்பது சுற்று ஓடத் தொடங்கும் முன்பே தீர்மானமாகிவிடும். திரையில் ஏறும் எண் அந்த முடிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். கட்டியதில் சராசரியாக 97 சதவீதம் திரும்பி வரும் ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு எண்ணை எட்டும் வாய்ப்பு, 0.97-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருவது.

நீங்கள் சொன்ன 1.25-ஐயே பார்க்கலாம். சுற்றுக்கு 100 வீதம் 1,000 சுற்று ஆடினால், சராசரியாக 776 சுற்றில் ஜெயித்து 25, 25 ஆக 19,400 சேர்ப்பீர்கள். மீதி 224 சுற்றில் 22,400 போய்விடும். நிகர நஷ்டம் 3,000. சரி, 10.00 வரை காத்திருந்தால்? 97 வெற்றியில் 87,300 வரும், 903 தோல்வியில் 90,300 போகும். அதே 3,000! 1.25-இல் அடிக்கடி ஜெயிப்பதால் பணம் கரைவது கண்ணில் படுவதில்லை, 10.00-இல் தோல்வி வரிசையாக வந்து உறைக்கிறது. வித்தியாசம் அது மட்டும்தான்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. எண் 2.00-ஐத் தொட்டுவிட்டால், அது 4.00-ஐ எட்டும் வாய்ப்பு சரியாகப் பாதி. அதாவது ஓட்டத்தின் நடுவில் 'இருப்பதா, போவதா' என்று நீங்கள் தவிக்கும் அந்த முடிவில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. விளையாட்டு நடத்துபவரின் பங்கு முன்னாலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது: 100-க்கு மூன்று நான்கு சுற்றுகள் 1.00-லேயே உடைந்துவிடும், பொத்தானை அழுத்த யாருக்கும் நேரமே இருக்காது. அங்கே போனதை, அதன்பின் எவ்வளவு சாமர்த்தியமாக அழுத்தினாலும் மீட்க முடியாது.

ஆனாலும் 'என் கையில்தான் இருக்கிறது' என்று தோன்றுவதற்குக் காரணம் உண்டு. 1.80-இல் வெளியேறுகிறீர்கள், எண் 1.93-இல் உடைகிறது; சரியான நேரத்தில் தப்பித்ததாக மனம் பூரிக்கிறது. அடுத்த சுற்றில் அதே 1.80-இல் வெளியேற, அது 14 வரை போகிறது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று அடித்துக்கொள்கிறது. இரண்டிலும் நீங்கள் செய்தது ஒன்றுதான், ஆனால் ஒன்று திறமையாகவும் மற்றது தவறாகவும் தெரிகிறது. ஆட்டோ கேஷ் அவுட்டில் 1.80 என்று போட்டுவிட்டு எழுந்து போயிருந்தாலும் முடிவு அப்படியேதான் இருந்திருக்கும்.

திரையின் மேலே வரிசையாகத் தெரியும் பழைய சுற்றுகளின் எண்களையும் நம்ப வேண்டாம். தொடர்ந்து ஐந்து சுற்று 1.50-க்குள் உடைந்தாலும், ஆறாவது சுற்று 2.00-ஐத் தொடும் வாய்ப்பு அதே 48.5 சதவீதம்தான்.