எல்லாமே 'அப்ளை'ல போய் விழுந்தா

வணக்கம் சார். 50 மார்க் அக்கவுண்டன்சி பேப்பருக்கு ப்ளூபிரிண்ட் போட்டேன். சாப்டர் வாரியா கூட்டல் சரியா வருது. ஆனா திங்கிங் ஸ்கில் பக்கம் முக்கால்வாசி மார்க் 'அப்ளை'லயே விழுது, கஷ்டமான கேள்வின்னு 15 மார்க் ஃபைனல் அக்கவுண்ட்ஸ் ஒண்ணுதான் நிக்குது. எங்க தப்பு?
ஒரு டீச்சர்

டீச்சர், கட்டத்துக்குள்ள நீங்க கேள்வியை அப்படியே தூக்கி வெச்சிருக்கீங்க, மார்க்கைப் பிரிச்சு வெக்கல. நம்ம பாடத்துல ஒரே கணக்குக்குள்ள மூணு நாலு கட்டம் ஒளிஞ்சிருக்கும்.

அந்த 15 மார்க்குக்கு முதல்ல விடைக்குறிப்பை எழுதிப் பாருங்க (நான் கேள்விக்கு முன்னாடியே அதைத்தான் எழுதுவேன், பழக்கம்). டிரயல் பேலன்ஸ்ல இருக்கறதையெல்லாம் அதது இடத்துல கொண்டு போய் வெக்கறதுக்கே 9 மார்க் போயிடும், நீளமா இருக்கே தவிர அது ஈஸி. க்ளோசிங் ஸ்டாக், பாக்கி வாடகைக்கு 4 மார்க், அது மீடியம். நடு வருஷத்துல வாங்கின மெஷினோட தேய்மானத்துக்கு 2 மார்க், இது டிப்ரிசியேஷன் வரிசைல சேரணும், அங்க 10 மார்க் ஒதுக்கியிருந்தா தனிக் கேள்விக்கு இனி 8தான். ஆக மொத்தம் அந்தக் கணக்குல கஷ்டம்னு சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணு, கஷ்டம் வேற அனலைஸ் வேற. 40,000 ரூபா மெஷினுக்கு 10% நேர்கோட்டு முறைல முழு வருஷத் தேய்மானம் 4,000, ஆறு மாசம்தான் ஆச்சுன்னா 2,000. ரெண்டாவது கொஞ்சம் கஷ்டம், ஆனா ரெண்டுமே அப்ளைதான். எண்ணை மாத்தி, ஸ்டெப்பைக் கூட்டினா கஷ்டம் மட்டும்தான் ஏறும், ஸ்கில் மாறணும்னா கேக்கற விஷயமே மாறணும்.

பிழைத் திருத்தத்தைப் பாருங்க. "டிரயல் பேலன்ஸ் காட்டிக்கொடுக்காத பிழை மூணு சொல்லு"ன்னா அது வெறும் ஞாபகம். "ரிப்பேர் செலவு 500ஐ மெஷின் அக்கவுண்ட்ல பற்று வெச்சுட்டாங்க, திருத்த என்ட்ரி போடு"ன்னா அப்ளை. அதே 500ஐ வெச்சு "டிரயல் பேலன்ஸ் டேலி ஆகுமா, லாபமும் சொத்தும் எப்படி மாறியிருக்கும், ஏன்?"னு கேட்டா அனலைஸ். டேலி ஆகும், ஆனா தேய்மானத்தை விட்டுட்டுப் பாத்தா லாபமும் சொத்தும் 500 கூடுதலா நிக்கும். மூணுமே 3 மார்க், ஒரே சாப்டர், ஆனா மூணு வேற கட்டம். உங்க அனலைஸ் மார்க்கை இந்த மாதிரி சின்னக் கேள்விலதான் தேடணும், பெரிய கணக்குல இல்ல.

ஒரு இடத்துல மட்டும் நான் நல்லா அடி வாங்கியிருக்கேன். கஷ்டமான ஸ்டெப்பைக் கணக்கோட தொடக்கத்துலயே வெச்சுட்டேன், அதுல மாட்டினவங்க பின்னாடி வர்ற ஈஸி மார்க்கையும் சேத்து விட்டுட்டாங்க, ப்ளூபிரிண்ட்ல ஈஸின்னு எழுதினது பேப்பர்ல ஈஸியா இல்ல. திருத்தும்போது நல்லா படிக்கற பசங்களே ஈஸி ஸ்டெப்ல கொத்தா மார்க் விட்டா இதான் காரணமான்னு பாருங்க. அந்த ஸ்டெப்போட விடையை கேள்விலயே கொடுத்துடலாம், இல்ல தனிக் கேள்வியா வெட்டிடலாம்.

'அல்லது' கேள்வி வெக்கறீங்கன்னா ரெண்டும் ஒரே கட்டத்துலேருந்து வரட்டும், இல்லைன்னா ஒரு பையன் எழுதற பேப்பருக்கு ஒரு ப்ளூபிரிண்ட், பக்கத்துப் பையனுக்கு வேற ப்ளூபிரிண்ட்னு ஆயிடும்.