பேனிக் அட்டாக் வந்ததை எப்படி நிதானமாக எழுதுவது?

“எழுத உட்கார்ந்தால் ஒன்று சினிமா வசனம் மாதிரி வருகிறது, இல்லாவிட்டால் எழுதும்போதே எனக்குப் படபடப்பு தொடங்கிவிடுகிறது. உடம்பில் நடந்ததை மிகைப்படுத்தாமல் சொல்ல வழி இருக்கிறதா?”

எனக்கும் இது பல வருடங்களாக வந்து போகிறது, அதைப் பற்றி எழுதியும் இருக்கிறேன். பயத்தின் பெயரைச் சொல்லாமல், உடம்பில் எது முதலில் நடந்தது, எது அப்புறம் நடந்தது என்ற வரிசையை மட்டும் எழுதுவதுதான் எனக்கு உதவுகிறது. பேனிக் அட்டாக்குக்கு ஓரளவு நிலையான ஒரு வரிசை உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. காரணம் தெரிந்தால் கை பதறாமல் எழுதலாம்.

மூச்சிலிருந்து பார்ப்போம். காற்று போதவில்லை என்று தோன்றுவதால் வேகமாகவோ ஆழமாகவோ இழுக்கிறோம். உண்மையில் ஆக்ஸிஜன் குறைவதில்லை. அளவுக்கு மீறி மூச்சு விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயுதான் குறைகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கும். தலை லேசாகும், சுற்றியிருப்பவை நிஜமில்லாதவை போலத் தெரியும். ரத்தத்தின் காரத்தன்மை கூடி, அதில் கரைந்திருக்கும் கால்சியத்தில் நரம்புகளுக்குப் பயன்படும் பங்கு குறையும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போவதும், சிலருக்கு விரல்கள் மடங்கி இறுகுவதும் அதனால்தான். இன்னொரு பக்கம் அட்ரினலின் வேலை செய்கிறது. இதயம் அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வியர்க்கும், வாய் உலரும், தோலுக்குப் போகும் ரத்தம் குறைந்து கை சில்லிடும். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் ஓய்வில்லாமல் இழுப்பதால் நெஞ்சு இறுகி வலிக்கலாம்.

இந்த விளக்கம் எதையும் கதைக்குள் கொண்டுவராதீர்கள். அங்கே அது பாடமாகிவிடும். எந்த விவரத்தை எங்கே வைப்பது என்று உங்களுக்குத் தெரிவதற்காகத்தான் சொல்கிறேன். உதாரணமாக, மூச்சு மாறிக் கொஞ்ச நேரம் ஆன பிறகுதான் உதடு மரக்கும். மூச்சைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் முதல் வரியிலேயே உதடு மரத்துப்போனால், இதை அனுபவித்தவருக்கு ஏதோ பொருந்தவில்லை என்று தெரிந்துவிடும். மயக்கமும் அப்படித்தான். தலை சுற்றும், விழுந்துவிடுவோம் என்று தோன்றும். ஆனால் பேனிக் அட்டாக்கில் ரத்த அழுத்தம் பொதுவாக ஏறுகிறது, அதனால் மயங்கி விழுவது அரிது. ரத்தத்தையோ ஊசியையோ கண்டு பயப்படுகிறவர்களுக்கு அழுத்தம் சட்டென்று இறங்கும். அவர்கள் கதை வேறு.

இப்போது ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். முதல் வரைவு பெரும்பாலும் இப்படி வரும்:

“திடீரென்று உலகமே இருண்டது. இதயம் வெடித்துவிடும் போலிருந்தது. மரணத்தின் வாசலில் நின்றேன்.”

மூன்று வரியும் பெரிய சத்தம். அறை எங்கே, கை எங்கே, எவ்வளவு நேரம் என்று எதுவும் தெரியவில்லை. படிப்பவருக்குக் கால் ஊன்ற இடமில்லை. அதையே இப்படி எழுதிப் பார்க்கலாம்:

“திரையில் மூன்றாவது பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சை ஆழமாக இழுத்தேன். போதவில்லை. இன்னொரு முறை இழுத்தேன். உள்ளங்கை ஈரமாகியிருந்தது, விரல்கள் சில்லென்றிருந்தன. பேசுகிறவரின் குரல் பக்கத்து அறையிலிருந்து கேட்பது போலிருந்தது. உதட்டைச் சுற்றி மரத்துப்போயிற்று. இது மாரடைப்பு என்று நினைத்தேன். நாற்காலியின் கைப்பிடிக்கு அடியில் ஒரு திருகாணி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதன் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். நடுவில் ஒரு கோடு பள்ளமாக இருந்தது. ஆறாவது பக்கம் வந்தபோதும் விரல் அங்கேயே இருந்தது.”

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது “மாரடைப்பு என்று நினைத்தேன்” என்ற வரி. பயத்தைக் கூட்டுவது உடம்பு தரும் அறிகுறி மட்டுமல்ல, அதற்கு நாம் கொடுக்கும் அர்த்தமும்தான். டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986-ல் முன்வைத்த விளக்கத்தின் மையமே இதுதான்: சாதாரண அறிகுறியை ஆபத்தென்று படிக்கிறோம், அந்தப் பயம் அறிகுறியைக் கூட்டுகிறது, கூடியதைப் பார்த்து இன்னும் பயப்படுகிறோம். அதனால் அந்த எண்ணத்தை ஒளிக்க வேண்டாம். ஆனால் “செத்துக்கொண்டிருந்தேன்” என்று நடந்த செய்தியாக எழுதாமல், “நினைத்தேன்” என்று எண்ணமாகவே எழுதுங்கள். நிதானமான தூரம் அந்த ஒரு வினைச்சொல்லில் கிடைத்துவிடுகிறது.

திருகாணி அலங்காரத்துக்காக இல்லை. தொடக்கூடிய, அசையாத, நம் பயத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு பொருள் அந்தப் பத்திக்குத் தேவைப்பட்டது. ஒன்றே போதும். கண்ணில் பட்டதையெல்லாம் அடுக்கினால் பட்டியலாகிவிடும். திரையின் பக்க எண் கடிகாரத்தின் வேலையைச் செய்கிறது. அட்டாக் பொதுவாகச் சில நிமிடங்களில், பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள், உச்சத்துக்கு வந்துவிடும். நேரம் நகர்வதை ஏதாவது ஒரு வழியில் காட்டினால், இது முடியப்போகும் ஒன்று என்பது நீங்கள் சொல்லாமலே படிப்பவருக்குப் புரியும்.

பலர் உச்சத்தோடு எழுத்தை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கும். இறங்குவதும் உடம்பில்தான் நடக்கிறது: கால் நடுங்கும், சிறுநீர் முட்டும், தோள் வலிக்கும், அப்புறம் ஒரு பெரிய அசதி வரும். அதற்கும் இரண்டு மூன்று வரி கொடுங்கள். இதே தொல்லை உள்ள ஒருவர் படித்தால், அவருக்கு அதிகம் பயன்படுவது அந்த வரிகள்தான். காகிதப் பையில் மூச்சு விடும் காட்சியை மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். உண்மையில் அது இதயக் கோளாறாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்தால் அந்தப் பை ஆபத்து. நெஞ்சு வலி முதல் தடவையாக வருகிறது என்றால், எழுதுவதற்கு முன்னால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

எழுதும்போதே படபடப்பு வருவதற்கு வருகிறேன். வந்த அன்றைக்கே எழுத வேண்டாம். ஞாபகத்துக்கு இரண்டு சொல் குறித்து வைத்தால் போதும். சில நாள் கழித்து, முதல் வரைவை “அவன்” அல்லது “அவள்” என்று படர்க்கையில் எழுதிப் பாருங்கள். ஈத்தன் கிராஸ் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வுகளில், பதற்றம் தரும் சூழலில் “நான்” என்று யோசித்தவர்களைவிடத் தன்னைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு யோசித்தவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. வரைவு முடிந்த பிறகு வேண்டுமானால் “நான்” என்று மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது மூச்சு மேலே ஏறினால், அந்தப் பத்தியை அன்றைக்குப் படர்க்கையிலேயே விட்டுவிடுங்கள். படர்க்கையில் வெளியிட்டாலும் அது உங்கள் அனுபவம்தான்.