ஸ்பானிஷ் பெயரடை: முன்னாலா, பின்னாலா? (கேள்வி பதில்)

கேள்வி: பெயரடை பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வந்தால் நேரடிப் பொருள், முன்னால் வந்தால் உருவகப் பொருள். இதை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்தானே?

பாதி சரி. 'ஓம்ப்ரே போப்ரே' காசில்லாத ஆள், 'போப்ரே ஓம்ப்ரே' பரிதாபத்துக்குரிய ஆள், அவர் கோடீஸ்வரராகவும் இருக்கலாம். இதற்கு உங்கள் விதி பொருந்தும். ஆனால் 'லோஸ் வியாஹேரோஸ் கான்சாதோஸ் உட்கார்ந்தார்கள்' என்றால் பயணிகளில் களைத்தவர்கள் மட்டும் உட்கார்ந்தார்கள், மற்றவர்கள் நின்றிருக்கலாம். 'லோஸ் கான்சாதோஸ் வியாஹேரோஸ்' என்று மாற்றினால் எல்லோருமே களைத்தவர்கள், எல்லோருமே உட்கார்ந்துவிட்டார்கள். களைப்பு இரண்டிலும் அதே களைப்புதான், இதில் உருவகம் எங்கே இருக்கிறது? பின்னால் வரும் பெயரடை கூட்டத்திலிருந்து சிலரைப் பிரித்துக் காட்டுகிறது, முன்னால் வருவது ஏற்கெனவே இருக்கிற குணத்தைச் சொல்லிவிட்டுப் போகிறது. அதனால்தான் கவிதையில் 'பிளாங்கா நியேவே', வெண்பனி, இயல்பாக ஒலிக்கிறது. பின்னால் போட்டால் வெள்ளையல்லாத பனியும் இருக்கிறதோ என்று கேட்கத் தோன்றும்.

கேள்வி: பாட்டி காலத்து வீட்டில்தான் இருக்கிறேன். 'விவோ என் மி ஆந்தீகுவா காசா' என்று எழுதினேன். "திரும்பிப் போய்விட்டாயா?" என்று டீச்சர் கேட்டார். ஏன் அக்கா?

முன்னால் வரும் 'ஆந்தீகுவா' பெரும்பாலும் 'முன்பு இருந்த' என்று பொருள் தரும். அதனால் முன்பு குடியிருந்த வீட்டில் இப்போது இருப்பதாக அவருக்குப் பட்டிருக்கிறது. வீட்டின் வயதைச் சொல்ல 'விவோ என் ஊனா காசா ஆந்தீகுவா' என்று எழுதுங்கள். 'வியேஹோ'வும் இப்படித்தான்: 'வியேஹோ ஆமிகோ' நெடுநாள் நண்பர், அவருக்கு இருபது வயதுகூட இருக்கலாம். 'ஆமிகோ வியேஹோ' வயதான நண்பர். 'மிக' என்று பொருள் தரும் 'மூய்' சேர்த்துப் பாருங்கள், 'ஊன் ஆமிகோ மூய் வியேஹோ' என்றால் வயதைத்தான் சொல்கிறீர்கள்.

கேள்வி: அப்போ 'பெரிய' என்று பொருள் தரும் 'கிராந்தே' பெண்பாலுக்கு 'கிராந்தா' என்று வருமா?

அது வேறு கேள்வி, இருந்தாலும் சொல்கிறேன். வராது, 'கிராந்தே' இருபாலுக்கும் ஒன்றுதான். ஒருமைப் பெயருக்கு முன்னால் வரும்போது மட்டும் 'கிரான்' என்று சுருங்கும்.

கேள்வி: 'கிரான் சியுதாத்' சிறப்பான நகரம், 'சியுதாத் கிராந்தே' பெரிய நகரம். சரிதானே?

இரண்டாவது சரி. முதலாவதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. ஆளைப் பற்றிப் பேசும்போது 'கிரான் ஓம்ப்ரே' என்றால் உயர்ந்த மனிதர், அதில் சந்தேகமில்லை. நகரம், வீடு, தொகை என்று வரும்போது 'கிரான்' அளவையும் குறிக்கும். 'ஊனா கிரான் காந்திதாத்' என்றால் பெரும் அளவு, அவ்வளவுதான், அதில் சிறப்பு எதுவும் இல்லை. சுற்றியிருக்கும் வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: 'நுவேவோ கோச்சே', 'கோச்சே நுவேவோ' வித்தியாசம்?

பாடப்புத்தகக் கணக்கில் முன்னால் வந்தால் பழைய காருக்குப் பதில் வாங்கிய வேறு கார், அது செகண்ட் ஹாண்டாகவும் இருக்கலாம். பின்னால் வந்தால் ஷோரூம் புதுசு. பேச்சில் இதை எல்லோரும் கடைப்பிடிப்பதில்லை, செகண்ட் ஹாண்ட் காரையே 'மி கோச்சே நுவேவோ' என்று சொல்பவர்களும் உண்டு. விற்பனை விளம்பரம் படிக்கிறீர்கள் என்றால் 'நுவேவோ'வின் இடத்தை மட்டும் நம்பாமல் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பாருங்கள்.