மாலை டீயும் மைசூர்பாவும் டயட்டும்

“உடலுக்குத் தேவையானதைவிடக் குறைவாக, ஒரு நாளைக்கு 1500 கலோரி மட்டும் சாப்பிட்டு டெஃபிசிட்டில் இருக்கிறேன். மதியம் வரை சரியாகத்தான் போகிறது. 5 மணிக்கு ஆபீஸ் வாசலில் டீ, பஜ்ஜி, 7.30க்கு வீட்டுக்கு வந்ததும் மிக்சர், ஃபிரிட்ஜில் இருந்தால் மைசூர்பா. ஏங்காமல் இதைச் சமாளிக்க முடியுமா?” – வாசகி, வேளச்சேரி

முடியும். முதலில் மாலைக்கென்று ஒரு பங்கை ஒதுக்குங்கள். பலரும் 1500ஐ மூன்று வேளைக்கே பங்கிட்டுவிடுகிறார்கள். அப்புறம் 5 மணிக்குச் சாப்பிடுவதெல்லாம் கணக்குக்கு வெளியே போய்விடுகிறது. காலை 350, மதியம் 450, மாலை 300, இரவு 400 என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போதைய மாலையைக் கூட்டிப் பாருங்கள். சர்க்கரை போட்ட டீ சுமார் 90, இரண்டு வாழைக்காய் பஜ்ஜி 180 அளவில், இரண்டு கைப்பிடி மிக்சர் 250க்குக் குறையாது. மைசூர்பாவைச் சேர்க்காமலே 500ஐத் தாண்டிவிட்டது. இதில் எனக்குப் பெரிய உறுத்தல் மிக்சர்தான். பசியோடு நின்றபடி டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிடுவதால் அளவே தெரியாது, திருப்தியும் இருக்காது.

12.30க்குச் சோறும் ரசமும் சாப்பிட்டவருக்கு 5 மணிக்குப் பசிப்பது இயல்பு. அதனால் 4.30க்கே ஒரு சின்ன டப்பா சுண்டல் சாப்பிட்டுவிடுங்கள். வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 165 கலோரி, 9 கிராம் புரதம். அரை ஸ்பூன் எண்ணெயில் தாளித்து, துளி தேங்காய் தூவினால் 200க்குள் முடியும். ஞாயிறு இரவு ஊறவைத்துத் திங்கள் காலை வேகவைத்தால் மூன்று நாளைக்கு ஃபிரிட்ஜில் தாங்கும். தாளிப்பதை மட்டும் அன்றன்றைக்குச் செய்யுங்கள். அதன்மேல் அரைச் சர்க்கரை டீ குடித்தாலும் 300க்குள்தான்.

ஸ்வீட்டை நிறுத்த வேண்டாம், வாரம் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அன்று சுண்டலைப் பாதியாக்கி, சர்க்கரை இல்லாத டீயோடு ஒரு சிறிய துண்டு மைசூர்பா, அதாவது 30 கிராம், சாப்பிடலாம். அதிலேயே 150 கலோரி போய்விடும். ஸ்வீட் தின்ற வாய்க்கு டீயில் போட்ட சர்க்கரை எப்படியும் தெரியாது, அதனால் இழப்பு ஒன்றுமில்லை. வெல்லத்தில் செய்ததென்று இரண்டு துண்டு எடுத்துவிடாதீர்கள். வெல்லத்துக்கும் சர்க்கரைக்கும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். ‘சுகர் ஃப்ரீ’ இனிப்பிலும் நெய் அப்படியேதான் இருக்கும்.

பஜ்ஜி வேண்டுமென்றால் அன்று சுண்டலுக்குப் பதில் இரண்டு பஜ்ஜி. சுண்டலும் தின்று பஜ்ஜியும் தின்பதுதான் இந்த முறையில் பெரும்பாலும் நடக்கும் கோளாறு.

இதற்குப் பிறகும் 7.30க்கு மிக்சர் டப்பாவைக் கை தேடினால், மதியச் சாப்பாட்டில் புரதம் போதவில்லை என்று சந்தேகப்படலாம். ஒரு முட்டையோ கூடுதலாக ஒரு கரண்டி கெட்டிப் பருப்போ சேருங்கள், இரவுச் சாப்பாட்டையும் 8 மணிக்குள் கொண்டுவாருங்கள். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், நேரத்தையும் அளவையும் மாற்றும் முன் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.