பச்சை பூத்த கண்ணாடி ஃப்யூஸ்: இழுக்காமல் எடுப்பது

கேள்வி: "பழைய மைக்செட் ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் கண்ணாடி ஃப்யூஸ் பச்சை பூத்து கிளிப்போடு ஒட்டிக்கிடக்கிறது. இழுத்தால் கையிலேயே உடையும் போல இருக்கிறது. கண்ணாடி நொறுங்காமல் எப்படி எடுப்பது?"

முதலில் மூடியைத் திறந்ததும் கையை உள்ளே விடாதீர்கள். மெயின்ஸ் பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, சில செட்டுகளில் ஃப்யூஸ் சுவிட்சுக்கு முன்னால் இருக்கும். 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும் செட் என்றால் பேட்டரி வயரையும் எடுத்துவிடுங்கள். பெரிய கெபாசிட்டரின் இரண்டு காலிலும் மீட்டர் வைத்து சார்ஜ் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

ஃப்யூஸ் போனால் போகட்டும், சில ரூபாய்தான். உடையக்கூடாது என்பதற்குக் காரணம் வேறு. உடைந்தால் கண்ணாடித் தூள் போர்டெல்லாம் சிதறும், உள்ளே இருந்த கம்பித் துண்டு எங்காவது இரண்டு காலுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும், உலோக மூடி மட்டும் கிளிப்பில் தங்கிவிடும். அந்த மூடியை நோண்டும்போதுதான் விரலும் கிழியும், போர்டின் செம்புத் தடமும் பெயரும்.

ஏன் உடைகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கண்ணாடிக் குழாய் நீளவாக்கில் அழுத்தினால் நன்றாகவே தாங்கும், வளைத்தால் தாங்காது. நாம் என்ன செய்கிறோம்? ஸ்க்ரூடிரைவரை நடுவில் விட்டு நெம்புகிறோம், இல்லையென்றால் ஒரு முனையை மட்டும் தூக்குகிறோம். மறுமுனை கிளிப்பில் ஒட்டியிருப்பதால் குழாய் வளைகிறது, உலோக மூடி முடிந்து கண்ணாடி தொடங்கும் அந்த விளிம்பில் விரிசல் விழுகிறது. சரி, திருகிப் பார்ப்போம் என்று ஒரு மூடியைப் பிடித்துத் திருகினால் மறுமூடி அசையாது, கண்ணாடியோடு மூடி ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போய் மூடி மட்டும் சுற்றும். அதனால் என் வழி ஒன்றுதான்: ஃப்யூஸைக் கிளிப்பிலிருந்து பிடுங்காமல், கிளிப்பை ஃப்யூஸிலிருந்து விலக்குவது.

வேதாரண்யம் பக்கத்திலிருந்து போன மழைக்காலம் முடிந்து ஒரு செட் வந்தது. கடற்காற்று ஒரு பக்கம், அதே கொட்டகையில் பக்கத்திலேயே லெட் ஆசிட் பேட்டரி. பேட்டரி லைன் ஃப்யூஸ் 6.3 க்கு 32 மி.மீ., பெரிய சைஸ். கிளிப்பின் இதழ் இரண்டும் மூடியோடு சேர்ந்து ஒரே பச்சைக் கட்டியாக இருந்தன, மேலே கொஞ்சம் வெள்ளைத் தூள். தொடுவதற்கு முன் போட்டோ எடுத்தேன், ஏனென்றால் எத்தனை ஆம்ப் என்பது மூடியில்தான் பொறித்திருக்கும், சுரண்டும்போது அது போய்விடும். போர்டில் அச்சடித்திருப்பதையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே யாரோ தப்பான ஃப்யூஸ் போட்டிருப்பதும் சகஜம்.

அப்புறம் கண்ணாடியின் மேல் மட்டும் செல்லோடேப்பை இரண்டு சுற்று சுற்றினேன். உலோகத்தில் ஏறக்கூடாது. ஒருவேளை உடைந்தாலும் துண்டெல்லாம் டேப்பிலேயே நிற்கும். ஐந்து விநாடி வேலை, ஆனால் பலரும் செய்வதில்லை. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய டூத்பிரஷ்ஷை லேசாக நனைத்துக் கிளிப்பில் தொட்டேன். நுரைத்தது. நுரைத்தால் ஆசிட் இருக்கிறது என்று அர்த்தம், நுரை நிற்கும் வரை தொட்டுத் தொட்டு எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவைக்க வேண்டும். நுரைக்கவில்லை என்றால் பெரும்பாலும் வெறும் உப்புக்காற்று வேலை, அதற்கு ஈரத்துணியும் ஆல்கஹாலும் போதும். வினிகரை ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. பச்சை கரையும்தான், ஆனால் போர்டில் ஊறி மிச்சம் நின்றால் அடுத்த மழைக்கு அங்கேயே மறுபடி பூக்கும். நான் செய்யமாட்டேன்.

காய்ந்த பிறகு, துரு இளக்கும் எண்ணெயில் ஒரே ஒரு சொட்டை ஊசி நுனியில் எடுத்து, இதழ் மூடியைத் தொடும் இடத்தில் வைத்தேன். ஸ்ப்ரேயை நேராக அடித்தால் போர்டெல்லாம் குளித்துவிடும். இருபது நிமிஷம் டீ குடிக்கப் போய்விட்டேன்.

இதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை. கிளிப்பின் இதழ் மேலே கொஞ்சம் வெளிப்பக்கமாக விரிந்திருக்கும் பாருங்கள், அந்த வாயில் மெல்லிய தட்டை ஸ்க்ரூடிரைவரை மேலிருந்து இறக்கி, நெம்பாமல், சாவி போலக் கொஞ்சம் திருப்ப வேண்டும். இதழ் அரை மி.மீ. விலகினால் போதும். "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும், அதுதான் பச்சை உடைவது. ஒரு கிளிப்பில் இரண்டு இதழ், ஆக மொத்தம் நான்கு இடம். ஒவ்வொரு முறையும் மறுகையால் கிளிப்பின் அடியை அழுத்திப் பிடியுங்கள், இல்லையென்றால் இதழ் விலகாது, கிளிப்பே போர்டின் ஈயத்தோடு பெயர்ந்துவரும். ஸ்க்ரூடிரைவர் கண்ணாடியைத் தொடவே கூடாது, உலோக மூடிக்கு நேராக மட்டும்தான்.

நான்கும் விட்டதா என்று எப்படித் தெரியும்? நகத்தால் ஃப்யூஸை உருட்டிப் பாருங்கள். இரண்டு மூடியும் சேர்ந்து உருண்டால் விட்டாயிற்று. ஒன்று மட்டும் உருண்டால் நிறுத்திவிட்டு மறுமுனையில் இன்னொரு சொட்டு விடுங்கள், அவசரப்பட்டால் இந்தக் கட்டத்தில்தான் உடையும். எடுப்பதற்கு நான் தங்கூசி நரம்பு வைத்திருக்கிறேன், மீன் பிடிக்கும் நைலான் நரம்புதான். கண்ணாடிக்கு அடியில், ஒவ்வொரு மூடியை ஒட்டியும் ஒரு வளையம் விட்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் நேர் மேலே தூக்கினால் குழாய்க்கு வளைவே வராது. அன்றைக்கு முழுசாக வந்தது. கம்பி ஏற்கெனவே அறுந்திருந்தது என்பது வேறு கதை.

சிலர் சால்டரிங் அயர்னை மூடியில் வைத்துச் சூடாக்கச் சொல்வார்கள். உள்ளே கம்பியைப் பிடித்திருக்கும் ஈயம் உருகும், ஒரு பக்கச் சூட்டில் கண்ணாடியும் கீறும். வேண்டாம். எதற்கும் அசையவில்லை என்றால் கிளிப்பைத் தியாகம் செய்யுங்கள், வெளி இதழை கட்டரால் வெட்டிவிட்டால் ஃப்யூஸ் பக்கவாட்டில் வந்துவிடும், புதுக் கிளிப்பை வாங்கி ஈயம் வைத்துக்கொள்ளலாம்.

பின்பக்கப் பேனலில் திருகு மூடியோடு வரும் ஹோல்டர் என்றால் கதை வேறு, அங்கே விலக்க இதழ் இல்லை. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் காத்திருந்து, உள்விட்டம் இறுக்கமாகப் பொருந்தும் ரப்பர் டியூபை (பைக் பெட்ரோல் டியூப் துண்டு 5 மி.மீ. ஃப்யூஸுக்குச் சரியாக இருக்கும்) ஃப்யூஸின் உலோக மூடியில் செருகி, லேசாக உருட்டிக்கொண்டே நேராக இழுங்கள்.

எடுத்த பிறகு கிளிப்பின் உள்பக்கத்தைப் பாருங்கள். மேல்பூச்சு இருந்தால் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும், உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தால் பூச்சு போய் இன்னும் வேகமாகப் பச்சை பூக்கும். இதழ்களை விரலால் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு ஃப்யூஸைப் போட்டால் அழுத்திப் பிடிக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தாலோ, அடியில் போர்டு பழுப்பேறியிருந்தாலோ அந்தக் கிளிப்பை வைத்திருக்காதீர்கள், 20 ஆம்ப் போகும் இடத்தில் தளர்ந்த பிடி சூடேறி, நல்ல ஃப்யூஸையே அறுத்துவிடும். வேதாரண்யம் செட்டில் ஒரு கிளிப் அப்படித்தான் இருந்தது, இரண்டையுமே மாற்றிக் கொடுத்துவிட்டேன்.