மென்மையான உணவு வேறு, நீர்த்த உணவு வேறு

கேள்வி: என் அம்மாவுக்கு 79 வயது. பல் சரியில்லை, பசியும் குறைந்துவிட்டது. நான்கைந்து வாய்க்கு மேல் எதுவும் உள்ளே போவதில்லை. மெல்ல எளிதாகவும் உடம்பில் ஒட்டுகிற மாதிரியும் கடையில் என்னென்ன வாங்கலாம்?

பதில்:

வாங்கப் போவதற்கு முன், அம்மா சாப்பிட்டு எழுந்த தட்டை ஒரு முறை உற்றுப் பாருங்கள். எதைத் தொடவே இல்லை, எதை வாயில் போட்டுவிட்டு ஒதுக்கினார் என்பது அதில் தெரிந்துவிடும்.

நான் உணவியல் படித்தவள். நோயாளிகளுக்கு உணவுத் திட்டம் எழுதுவதுதான் என் வேலை. அப்படியிருந்தும், என் அப்பாவின் தட்டைச் சரியாகப் பார்க்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது. "பசியில்லை அம்மா" என்று அவர் சொன்னதை அப்படியே நம்பியிருந்தேன். ஒரு நாள் தட்டை எடுக்கும்போது, கசக்கிப் போட்ட காகிதத் துண்டுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் நான்கைந்து உருண்டைகள். மென்று மென்று சாறெல்லாம் போய் நாராகிவிட்ட இறைச்சிச் சக்கை. விழுங்க முடியாமல் துப்பியிருக்கிறார். எங்களுக்குத் தெரியக்கூடாது என்று மூடியும் வைத்திருக்கிறார். எடை குறைந்ததில் ஈறு சுருங்கி, பல் செட் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. மெல்ல முடியாத கூச்சத்துக்குப் பசியின்மை என்று பெயர் வைத்திருந்தார்.

அதன் பிறகு நான் செய்ததும் தவறுதான். மென்மையாக இருக்கவேண்டும் என்று பாக்கெட் சூப், பழச்சாறு, பாலில் தோய்க்கும் பிஸ்கட், ஊட்டச்சத்துப் பானப் பொடி என்று ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். எல்லாமே எளிதாகத் தொண்டையில் இறங்கின. எடை மட்டும் இறங்குவதை நிறுத்தவில்லை. கணக்குப் போட்டபோதுதான் காரணம் புரிந்தது. ஒரு கோப்பை தெளிந்த சூப்பில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். ஒரு தம்ளர் பழச்சாறு நூறு கலோரிக்குச் சற்று முன்பின் தரும், புரதம் இல்லையென்றே சொல்லலாம். இவை இரண்டும் வயிற்றை நிறைத்துவிடும். வயதானால் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகிறது, கொஞ்சம் உள்ளே போனாலே நிறைந்த உணர்வு வந்துவிடுகிறது. காலை 11 மணிக்குக் குடித்த சூப், மதியச் சோற்றுக்கு எதிராக நிற்கும்.

ஆகவே கடையில் ஒரு பொருளை எடுக்கும்போது, மென்மையா என்பதோடு, ஐந்து கரண்டியில் என்ன தருகிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பாக்கெட்டின் பின்புறம் "100 கிராமுக்கு" என்ற பத்தி இருக்கும். அதில் புரதத்தை மட்டும் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். தயிரை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தயிரிலும் பழச்சுவையூட்டிய தயிரிலும் 100 கிராமுக்கு 3 அல்லது 4 கிராம் புரதம் இருக்கும். நீர் வடித்த கெட்டித் தயிரில் 8 முதல் 10 கிராம். அதே கிண்ணம், அதே கரண்டி, இரண்டு மடங்குக்கு மேல் பலன். ஆனால் கெட்டியாகத் தெரிவதெல்லாம் வடித்தது அல்ல. மாவுப்பொருளோ பாலேடோ சேர்த்துக் கெட்டியாக்கியவையும் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். எண்ணைப் பார்த்துத்தான் நம்பவேண்டும். பானப் பொடிகளில் சேர்மானப் பட்டியலின் முதலிரண்டு இடங்களில் சர்க்கரை வந்தால் நான் திரும்ப வைத்துவிடுவேன். "கொழுப்புக் குறைந்தது" என்று பெருமையாக எழுதியிருப்பதையும் தொடாதீர்கள். நமக்கு நல்லதென்று நாம் வாங்கிப் பழகிய அந்தப் பொருள், இளைத்துக்கொண்டிருக்கும் முதியவருக்கு நேர் எதிரானது.

அப்பா விஷயத்தில் எண்களாகவே சொல்கிறேன். 56 கிலோ இருந்தவர் நான்கு மாதத்தில் 52 ஆனார்; அதாவது 7 சதவீதம். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள், தானாக முயலாமலே 5 சதவீதத்துக்கு மேல் எடை போனால் அதை வயதின் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. முதியவர்களுக்குப் பொதுவாக ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்பார்கள். அப்பாவுக்கு அது 52 முதல் 62 கிராம். சூப்பும் பிஸ்கட்டுமாக இருந்த நாட்களில் அவர் 25ஐத் தாண்டியிருக்கமாட்டார்.

முதலில் மாற்றியது பாலை. அரை லிட்டர் முழுக்கொழுப்புப் பாலில், 30 கிராம், அதாவது ஏறத்தாழ நான்கு மேசைக்கரண்டி, கொழுப்பு நீக்கிய பால் பொடியைக் கட்டியில்லாமல் கரைத்து வைத்தேன். கொழுப்பு பாலிலேயே இருக்கிறது, பொடி புரதத்துக்காக மட்டும். பொடியைக் கொஞ்சம் பாலில் குழைத்துவிட்டு மீதியை ஊற்றினால் கட்டி தட்டாது. 200 மில்லி சாதாரணப் பாலில் 6 அல்லது 7 கிராம் புரதம் என்றால், இதில் 10 கிராமுக்குமேல் வரும். குடிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, குடிக்கும் அளவும் அதிகமாகாது. பால் பொடி வாங்கும்போது, உள்ளே பாலைத் தவிர வேறெதுவும் இல்லையா என்று மட்டும் பாருங்கள்.

இந்தப் பாலில் காலையில் ஓட்ஸ் கஞ்சி, அதில் ஒரு மேசைக்கரண்டி வழவழப்பான நிலக்கடலை வெண்ணெய். கடலைத் துண்டுகள் இருக்கும் வகை வேண்டாம். வழவழப்பானதையும் தனியாகக் கரண்டியில் கொடுக்காதீர்கள், அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், கஞ்சியில் கரைத்துவிடுங்கள். கஞ்சி மொத்தத்தில் 17 கிராம் புரதம். நடுக்காலையில் கெட்டித் தயிர் 100 கிராம், கனிந்த வாழைப்பழத்துடன் மசித்தது, 9 அல்லது 10 கிராம். மதியம் முள் எடுத்து உதிர்த்த மீன் 60 கிராம், வெண்ணெயும் பாலும் சேர்த்து மசித்த உருளைக்கிழங்கோடு, 13 கிராம். மாலையில் ஒரு முட்டை, 6 கிராம். படுக்குமுன் அதே பால் 150 மில்லி, 8 கிராம். கூட்டினால் 53க்கு வந்துவிடுகிறது. எந்த வேளையிலும் சிறு கிண்ணத்துக்கு மேல் வைத்ததில்லை. மீன் வேண்டாமென்றால் மென்மையான டோஃபு தரலாம், ஆனால் அதே புரதத்துக்கு மீனைவிட அதிக அளவு வேண்டியிருக்கும். பருப்பும் நல்லதுதான், ஆனால் குழைய வெந்த 100 கிராம் பருப்பில் 7 முதல் 9 கிராம் அளவுதான் புரதம். கிண்ணம் பெரிதாகிவிடும். நெய்யோ எண்ணெயோ ஒரு தேக்கரண்டி சேர்த்தால் கலோரி கூடும், புரதம் கூடாது.

மீனை வாங்கும்போது நாரில்லாமல் அடுக்கடுக்காக உதிரும் வெள்ளை மீனாகப் பாருங்கள். டப்பாவில் அடைத்த சாளை, சால்மன் வகைகளை நான் எப்போதும் இரண்டு வைத்திருப்பேன். அவற்றின் சிறு முள்ளெல்லாம் விரலால் நசுக்கினாலே பொடியாகும், அந்தச் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். உப்பைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் லேபிளில் அதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

மென்மையைக் கையால் அளக்க ஒரு வழி உண்டு. முள்கரண்டியின் தட்டையான பக்கத்தைத் துண்டின்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நகம் வெளுக்கிற அளவு அழுத்தம் போதும். துண்டு நசுங்கி, கையை எடுத்தபின் பழைய வடிவத்துக்கு எழும்பாமல் கிடந்தால் அது மென்மையான உணவு. மெல்லச் சிரமப்படும் பெரியவர்களுக்குத் துண்டு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். சூடாக இருக்கும்போது மட்டும் சோதித்து ஏமாறாதீர்கள். மெதுவாகச் சாப்பிடுபவர் கடைசி வாயை எடுக்க அரைமணி ஆகும். உருக்கிய சீஸ் அதற்குள் ரப்பராகியிருக்கும், இறைச்சியும் விறைத்திருக்கும். பத்து நிமிடம் ஆறவிட்டு அழுத்திப் பார்ப்பதே நியாயமான சோதனை.

இந்தச் சோதனையில் சிக்காத பொருள் ஒன்று இருக்கிறது, அது ரொட்டி. விரலுக்கு மெத்தென்று இருக்கும். எச்சில் குறைந்த வாய்க்குள் போனதும் களியாகத் திரண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பாலிலோ குழம்பிலோ முழுக்க ஊறவைத்துத் தரலாம். அதேபோல் மெல்லிய திரவத்தில் திடத்துண்டு மிதக்கும் உணவும் சிக்கல்தான். நீர்த்த சூப்பில் காய்த்துண்டு என்றால் நீர் முன்னால் ஓடிவிடும், துண்டு வாயிலேயே தங்கிவிடும். மசித்துக் கெட்டியாக்கிவிடுவது நல்லது.

பாட்டிலில் வரும் தயார்நிலை ஊட்டச்சத்துப் பானங்களைப் பற்றிக் கேட்பீர்கள். 200 மில்லியில் 300 கலோரி தரும் அடர்த்தியான வகைகள் உள்ளன. உணவு பாதியில் நின்றுவிடும் நாட்களுக்கு உதவும். சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்தால் சாப்பாடு போய்விடும். குளிரவைத்து, இரண்டு வேளைக்கு நடுவே, சிறிது சிறிதாகக் கொடுங்கள். ஒரே சுவையில் பெட்டி பெட்டியாக மட்டும் வாங்காதீர்கள். நான் வாங்கினேன், நான்காம் நாள் அந்த வாசனை வந்தாலே அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார், மீதி இருபது பாட்டிலையும் நான்தான் குடித்துத் தீர்த்தேன்.

இதெல்லாம் கடையில் தீர்க்கக்கூடியவை. சாப்பிடும்போது இருமல், தண்ணீர் குடித்தபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, அடிக்கடி சளிக் காய்ச்சல், இவை இருந்தால் பிரச்சினை மெல்லுவதில் இல்லை, விழுங்குவதில். அதை அதற்கான நிபுணர் பார்த்தபிறகே உணவின் பதத்தை முடிவு செய்யவேண்டும். சிறுநீரக நோய் இருந்தால் நான் சொன்ன புரதக் கணக்கும் வாழைப்பழமும் பொருந்தாமல் போகலாம், மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவருக்குத் திடீரென்று நிறையக் கொடுப்பது ஆபத்து. புதிதாகத் தொடங்கிய மாத்திரை, மலச்சிக்கல், மனச்சோர்வு, வாய்ப்புண் ஆகியவையும் பசியைத் தின்னும். மாத்திரைப் பட்டியலையும் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பல் செட்டின் உட்புறத்தை ஈறுக்குப் பொருந்துமாறு சரிசெய்து வாங்கி, மூன்று மாதம் கழித்து அப்பா 54 கிலோவைத் தொட்டார். வாரம் ஒருமுறை, காலையில், ஒரே தராசில் பார்த்து நாட்காட்டியில் குறித்துவைக்கிறோம். இப்போதும் தட்டை எடுக்கும்போது காகிதத் துண்டைத் தூக்கிப் பார்க்கிறேன். போன வாரம் அதற்கடியில் இருந்தது வாழைப்பழம். அது மெல்ல முடியாததால் அல்ல, அவருக்கு அது எப்போதுமே பிடிக்காதாம்.